மாத்திரை கவரும் பதினேழு கருத்துகளும்

"நேற்று வகுப்பில் வேலையை எல்லோர் முன்னாலும் வைத்துக் கருத்துக் கேட்கும் கிரிட்டிக்கில், ஆஸ்பத்திரியில் மாத்திரை போட்டுக் கொடுக்க நான் டிசைன் செய்த காகிதக் கவருக்குப் பதினேழு கருத்து வந்தது. எழுத்து சிறியது என்கிறார்கள். அடுத்த ஆள் ஏற்கெனவே நெரிசலாக இருக்கிறது என்கிறார். படம் மட்டும் போதும் என்று ஒருவர், படத்தை எடுத்துவிடு என்று இன்னொருவர். கலர் போடு, கலர் வேண்டாம். வெள்ளிக்கிழமை அடுத்த வடிவத்தை வைக்க வேண்டும். இதில் யார் சொல்வதைக் கேட்பது?"

இன்றைக்கு லேப்டாப்பைத் திறக்காதே. ஃபைல் கண் முன்னால் இருந்தால் கை சும்மா இருக்காது. எதையாவது பெரிதாக்கும், எதையாவது நகர்த்தும். முதலில் நேற்று சாஃப்ட்போர்டில் குத்தியிருந்த அதே பிரிண்டை எடுத்து மேஜையில் வை. நீ பேசிக்கொண்டிருந்தபோது நான் எழுதிய குறிப்பை இதோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொருவரும் எந்த வார்த்தையில் சொன்னார்கள், சொல்லும்போது விரல் எங்கே இருந்தது, எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று முடிந்தவரை குறித்திருக்கிறேன். வேலையை வைப்பவருக்குப் பாதிக் கருத்துகள் காதில் விழாது. பதில் சொல்லத் தயாராகிக்கொண்டிருப்போம், அதற்குள் அடுத்தவர் பேசி முடித்திருப்பார். உன் ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்தால் கடைசியாகப் பேசியவரும் சத்தமாகப் பேசியவரும்தான் நிற்பார்கள்.

யார் சொல்வதைக் கேட்பது என்று ஆரம்பித்தால் அது ஓட்டு எண்ணுவதில் போய் முடியும். போன செமஸ்டர் நூலக வழிகாட்டிப் பலகைக்கு நான் அதைத்தான் செய்தேன். பெரிதாக்கு என்றவர்களுக்கும் சிறிதாக்கு என்றவர்களுக்கும் நடுவில் ஓர் அளவு, அம்புக்குறி வேண்டும் என்றவருக்காகச் சின்னதாக ஓர் அம்பு, வேண்டாம் என்றவருக்காக அதை வெளிர் சாம்பல் நிறத்தில். யாருக்கும் மனக்குறை இருக்காது என்று நினைத்தேன். முதல் கிரிட்டிக்கில் "அலமாரி எண் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது" என்று சொன்னவர் இரண்டாவதிலும் அதே வாக்கியத்தைச் சொன்னார். பதினைந்து நாள் வேலையில் அவர் பார்த்த குறையை நான் தொடவே இல்லை. அவர் சொன்ன வைத்தியத்தில் பாதியைச் செய்திருந்தேன், அவ்வளவுதான்.

கிரிட்டிக்கில் வரும் கருத்தில் பெரும்பாலும் இரண்டு ஒட்டிக்கொண்டு வரும். ஒன்று, அந்த ஆளுக்கு அந்தத் தாளைப் பார்த்தபோது என்ன நடந்தது என்பது. இன்னொன்று, அதற்கு அவர் சொல்லும் வைத்தியம். "எழுத்தைப் பெரிதாக்கு" என்பது வைத்தியம். "இந்த வரியைப் படிக்கக் கண்ணை இடுக்க வேண்டியிருந்தது" என்பது நடந்தது. டிசைன் படிப்பவர்கள் நாம், அதனால் வாயைத் திறந்தால் வைத்தியம்தான் வருகிறது. வைத்தியங்கள் ஒன்றோடொன்று மோதும். நடந்தவை அவ்வளவாக மோதாது, ஏனென்றால் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக நடந்திருந்தால் இரண்டுமே உண்மைதான். ஆகவே பதினேழு கருத்தையும் பின்னோக்கி எடுத்துக்கொண்டு போக வேண்டும்: இதைச் சொல்ல வைத்தது எது, தாளில் எந்த இடம்?

பென்சில் எடுத்து, பிரிண்டின் மேலேயே ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு புள்ளி வை. எந்த விரல் எங்கே போனதோ அங்கே. நான் நேற்று ராத்திரி இதை ஒரு நகலில் செய்து பார்த்தேன். பதினேழில் பதினொன்று கீழ்ப்பாதியில் விழுகிறது. பெரிதாக்கு, நெரிசல், படம், படம் வேண்டாம் எல்லாம் அங்கேதான். எதிரெதிராகப் பேசியவர்கள் ஒரே இடத்தைக் காட்டிப் பேசியிருக்கிறார்கள்.

"சிறியது", "நெரிசல்" இரண்டையும் முதலில் எடுத்துக்கொள். சிறியது என்றவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் கடைசி வரிசை. சாஃப்ட்போர்டிலிருந்து அங்கே பத்து அடி இருக்கும். மாத்திரை கவரை யாரும் பத்து அடியிலிருந்து படிப்பதில்லை. கையில் வைத்து ஒன்றரை அடியில் படிப்பார்கள். தூரம் ஏறக்குறைய ஏழு மடங்கு. உன் ஏழு பாயிண்ட் எழுத்து கடைசி வரிசையில் இருப்பவருக்கு, கையில் வைத்திருப்பவருக்கு ஒரு பாயிண்ட் எழுத்து தெரிவது மாதிரி தெரியும். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது கவரை இல்லை, சுவரில் ஒட்டிய ஒரு காகிதத்தை. அந்த இரண்டு கருத்துக்கும் செய்ய வேண்டியது லேஅவுட்டில் இல்லை. அடுத்த முறை கவரை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்துவிடு.

மூன்றாவது ஆள் நம் மேம். அவர் எழுந்து வந்தார், கவரைப் போர்டிலிருந்து எடுத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், கவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், அப்புறம் கிட்டே கொண்டுவந்தார். நீ அப்போது பின்பக்கத்துக் கோடுகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாய், கவனித்திருக்க மாட்டாய். அவர் விரல் கடைசி வரியில் இருந்தது: "உணவுக்கு முன் ○ ○ உணவுக்குப் பின்". "சின்னதா இருக்கே" என்று மட்டும் சொன்னார். பதினேழு கருத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். சொன்னவர் ஆசிரியர் என்பதற்காக இல்லை. கவரை, கவரைப் பிடிக்கிற மாதிரி பிடித்துப் பார்த்த ஒரே ஆள் அவர்.

அந்த வரியை நீயும் கிட்டத்தில் வைத்துப் பார். "முன்", "பின்" இரண்டிலும் ன் பொது. மீதி இருப்பது மு, பி. ம-வும் ப-வும் இடப்பக்கம் ஒரே மாதிரி நிமிர்ந்து, அடியில் ஒரே மாதிரி படுத்து, வலப்பக்கம் ஏறுகிற எழுத்துகள். வித்தியாசம் ம-வின் வலப்பக்கச் சுழி, மு-வின் கீழ்வளைவு, பி-யின் மேல்கொக்கி. ஏழு பாயிண்டில் அந்த மூன்றும் மயிரிழைதான். நம் லேசர் பிரிண்டில் தெரிகிறது. மலிவான காகிதத்தில் மை கொஞ்சம் பரவினால் சுழி அடைபடும், கொக்கி மங்கும். வயதானவர் ஒருவர் இரவு டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு வார்த்தையும் ஒரே கறுப்புக் கட்டியாகத்தான் தெரியும். பாயிண்ட் எண்ணை நம்பாதே. ஒரே பன்னிரண்டு பாயிண்டில் ஒரு தமிழ் ஃபாண்ட் பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் இருக்கும். ஸ்கேலை வைத்து ம-வின் உயரத்தை அள. உன் பிரிண்டில் நான் அளந்தபோது ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் வந்தது.

இப்போது நெரிசல் என்ற நான்கு பேர். நான்கு பேரும் முன்வரிசை. அவர்களில் ஒருத்தியை இரவு மெஸ்ஸில் பார்த்தபோது கேட்டேன்: "பார்த்ததும் கண் எங்கே போச்சு?" அவள் சொன்னது: "ஆஸ்பத்திரி பேரு. அப்புறம் அந்த பார்டர். அப்புறம் கீழே எல்லாம் ஒரே கூட்டமா இருந்தது, விட்டுட்டேன்." எட்டுக்குப் பதினொன்று சென்டிமீட்டர் கவரில் மருத்துவமனைப் பெயருக்கு மட்டும் பதினாறு பாயிண்ட் கொடுத்திருக்கிறாய், கீழே முகவரி இரண்டு வரி, சுற்றிலும் இரட்டைக் கோடு. மேல்பாதி முழுக்க அதற்கே போய்விட்டது. நோயாளிக்கு உண்மையில் தேவையானதெல்லாம் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது.

ஆக, மேம் கண்ணை இடுக்கியதும் இவள் கண்ணை எடுத்துக்கொண்டதும் ஒரே காரணத்தால். இங்கே பெரிதாக்குவதா சிறிதாக்குவதா என்ற கேள்வியே கிடையாது. பெயரை ஒன்பது பாயிண்டுக்கு இறக்கு, முகவரியைப் பின்பக்கத்துக்குக் கொண்டுபோ, இரட்டைக் கோட்டை எடு. கிடைக்கும் இடத்தை முன்/பின் வரிக்குக் கொடுத்து அதை ஏறக்குறைய பன்னிரண்டு பாயிண்டுக்கு ஏற்று. ம இரண்டு மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டும். நடு அளவு எடுத்திருந்தால் எல்லாம் பத்து பாயிண்டில் நின்றிருக்கும், மேம் மறுபடி கண்ணாடியை ஏற்றியிருப்பார்.

அதோடு நிற்காமல் வார்த்தையையே மாற்ற முடியுமா என்று பார். "உணவுக்குப் பின்" என்பதை "சாப்பிட்ட பிறகு" என்று போட்டால், "சாப்பாட்டுக்கு முன்" என்பதோடு முடிவில் குழம்ப வழியில்லை. பிறகு நீளமான வார்த்தை, முன் குட்டை வார்த்தை, தூரத்திலிருந்தே உருவம் வேறு. எனக்கு முதலில் "வெறும் வயிற்றில்" என்று தோன்றியது, உருவத்தில் அதைவிட வித்தியாசமானது கிடையாது. ஆனால் அது வேறு அறிவுரை. சாப்பாட்டுக்குச் சற்று முன்பு போடச் சொல்லும் மாத்திரையும் வெறும் வயிற்றில் போடச் சொல்லும் மாத்திரையும் ஒன்றல்ல. டிசைன் வசதிக்காக நாம் மருந்துக் குறிப்பின் பொருளை மாற்றிவிடக் கூடாது. எந்த வார்த்தையாக இருந்தாலும் ஒரு மருந்தாளரிடம் காட்டிவிட்டுப் போடு.

அடுத்தது படம். "படிக்கத் தெரியாதவங்களும் வருவாங்க, படம் மட்டும் போதும்" என்றவர்கள் இரண்டு பேர். "படம் குழப்புது, காலை மதியம் இரவுன்னு எழுதினா போதும்" என்றவர்கள் இரண்டு பேர். இது மேலே பார்த்தது மாதிரி எளிதில் கரைகிற முரண் இல்லை. இரண்டு தரப்பும் வேறு வேறு நோயாளியை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், இரண்டு நோயாளியும் அதே கவுண்டருக்கு வருபவர்கள். வகுப்பில் எவ்வளவு பேசினாலும் இது தீராது. வெளியே போய்க் கேட்டுத்தான் தீரும், அதற்கு அரை நாள் போதும்.

நான் உன் கவரின் மூன்று நகலில் நீலப் பேனாவால் நிரப்பி மூன்று பேரிடம் காட்டினேன். மெஸ் அக்கா, இரவு வாட்ச்மேன் அண்ணன், துணி தேய்க்கும் தாத்தா. காலை, மதியம், இரவு என்று இருக்கும் மூன்று கட்டத்தில் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று எழுதியிருந்தேன். "புரியுதா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் புரியுது என்றுதான் சொல்வார்கள், நம் மனம் நோகக் கூடாது என்று. "இது உங்க மாத்திரைன்னு வச்சுக்குங்க, நாளைக்கு எப்பெப்ப போடுவீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். முதலில் வார்த்தைகளை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துப் படத்தை மட்டும் காட்டினேன். அப்புறம் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

படம் மட்டும் இருந்தபோது அக்காவும் வாட்ச்மேன் அண்ணனும் "சாயங்காலம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றார்கள். உன் காலை ஐகான் தொடுவானத்துக்கு மேல் பாதிச் சூரியன். உதிக்கிற சூரியனும் மறைகிற சூரியனும் ஒரே படம்தான். நாம் கடற்கரையில் போட்டோ எடுத்தாலும் எது எது என்று சொல்ல முடியாது. உனக்கு அது காலை, ஏனென்றால் அதை வரைந்தவர் நீ. பிறைநிலவில் யாரும் தடுமாறவில்லை. காகிதத்தை எடுத்ததும் அக்காவும் அண்ணனும் உடனே திருத்திக்கொண்டார்கள். தாத்தாவுக்குப் படிக்க வராது. அவர் சூரியனைப் பார்க்கவே இல்லை. விரலை இடமிருந்து வலமாக நகர்த்தி, "மொதக் கட்டம் காலை, நடுக் கட்டத்துல ஒண்ணும் இல்ல, கடைசிக் கட்டம் ராத்திரி" என்றார். டாக்டர் சீட்டில் 1-0-1 என்று எழுதுவதை வாழ்நாளெல்லாம் பார்த்தவர். யாருக்காகப் படம் வேண்டும் என்று இரண்டு பேர் வாதாடினார்களோ, அந்த ஆளுக்கு உதவியது கட்டங்களின் வரிசை.

மூன்று பேரிடம் கேட்டதை வைத்துக் கவர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் ஓர் இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிட முடியும். மூன்றில் இரண்டு பேர் நேரத்தை மாற்றிச் சொன்னால் அந்த ஐகானைக் காப்பாற்றப் புள்ளிவிவரம் தேட வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் முரண்களை எடைபோடுவது எளிது. ஒரு படம் புரியாமல் போவது வேறு, நேர்மாறாகப் புரிவது வேறு. பாதுகாப்புச் சின்னங்களுக்கான அமெரிக்கத் தரநிலை ஒன்று, சோதித்துப் பார்த்தவர்களில் 85 சதவீதம் பேர் சரியாகச் சொல்ல வேண்டும் என்கிறது. கூடவே ஆபத்தான விதத்தில் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இரண்டாவது எண்தான் நமக்கு வேண்டியது. "புரியலை" என்பவர் கவுண்டரில் திரும்பக் கேட்பார். தவறாகப் புரிந்துகொண்டவர் கேட்க மாட்டார், வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்வார். ஆகவே பதினேழு கருத்தில் எது தவறான மாத்திரை நேரத்தில் போய் முடியுமோ அதற்கு முதலிடம், ஒரே ஒருவர் சொல்லியிருந்தாலும். முன்/பின், பாதிச் சூரியன் இரண்டும் அந்த வகை. பார்டர் பழைய பாணி, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்பதெல்லாம் எத்தனை பேர் சொல்லியிருந்தாலும் அதற்கு அப்புறம்தான்.

என்னைக் கேட்டால் படத்துக்கு இப்படிச் செய்வேன்: மூன்று கட்டம் இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றின் தலையிலும் காலை, மதியம், இரவு என்று தெளிவாக. நிலவை மட்டும் வைத்துக்கொள்வேன், அது வேலை செய்கிறது. பாதிச் சூரியனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காமல் சோதிப்பேன். சேவல் வரையலாம் என்று உனக்குத் தோன்றலாம். சரி, ஆனால் அதையும் வார்த்தையை மறைத்துக் கேட்டுப் பார்த்த பிறகுதான். படிக்க வராத இன்னும் நான்கைந்து பேரிடம் கேள். தாத்தா ஒருவர் கட்டம் எண்ணினார் என்பதால் எல்லோரும் எண்ணுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

கலர் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். நமக்குக் கொடுத்த வேலைக் குறிப்பான பிரீஃபில் ஒற்றை நிறம் என்று எழுதியிருக்கிறது. ஆஃப்செட் அச்சில் ஒவ்வொரு கூடுதல் நிறத்துக்கும் ஒரு பிளேட் கூடும், வேலையும் செலவும் கூடும். லட்சக்கணக்கில் அச்சாகி இலவசமாகப் போகிற பொருளில் அதற்கு இடமில்லை. கலர் போடு என்றவர் பிரீஃபை மறந்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் அவரையும் பின்னோக்கி ஒரு கேள்வி கேட்டுவிடு. காலைக் கட்டமும் இரவுக் கட்டமும் ஒன்றாகத் தெரிகிறது என்பதால் சொல்லியிருந்தால், அதை இரவுக் கட்டத்துக்குத் தடித்த கோடு போட்டே தீர்க்கலாம். கட்டத்தை முழுக் கறுப்பாக்கி வெள்ளை எழுத்து போடாதே. மலிவுக் காகிதத்தில் வெள்ளை எழுத்தின் புள்ளிகள் மையில் அடைந்துபோகும், பேனாவாலும் அதன் மேல் எழுத முடியாது.

ஃபாண்ட் பற்றி வந்த இரண்டும், ஒருவர் உருண்டையாக நட்பாக வேண்டும் என்றதும் மற்றவர் ஆஸ்பத்திரி மாதிரி கண்டிப்பாக வேண்டும் என்றதும், உண்மையிலேயே ருசி வித்தியாசம். பின்னோக்கிப் போனாலும் ருசியில்தான் போய் நிற்கும். அங்கே முடிவு உன்னுடையது. சின்ன அளவில் புள்ளி தனியாகத் தெரிகிறதா, சுழிகள் திறந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு உனக்குப் பிடித்ததை வை. நன்றி சொல்லிவிட்டுத் தாண்டிப் போ.

இனி நேற்று யாருமே சொல்லாத ஒன்று. நேற்றிலிருந்து இதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நம் வகுப்பில் எல்லோரும் நோயாளிக்காகப் பேசினார்கள். கவரில் எழுதப்போகும் ஆளுக்காக யாரும் பேசவில்லை. பல கருத்துகள் ஒன்றை ஒன்று இடிக்கும்போது, அந்த அறையில் இல்லாத ஒருவர் இருந்திருந்தால் வாக்குவாதமே வேறு மாதிரி போயிருக்குமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. நான் நேற்று சாயங்காலம் ஒரு மருந்து கவுண்டர் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றேன். மருந்தாளர் கவரை மேஜையில்கூட வைப்பதில்லை. இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் பால்பாயிண்ட் பேனாவில் இரண்டு மூன்று கிறுக்கல், மாத்திரையைப் போட்டு மடித்து நீட்டிவிடுகிறார். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கிறது.

திரும்பி வந்து உன் கவரை அதே மாதிரி உள்ளங்கையில் வைத்து எழுதிப் பார்த்தேன். முன்/பின் வட்டங்கள் இரண்டுக்கும் நடுவில் நீ விட்டிருக்கும் இடைவெளி நான்கு மில்லிமீட்டர். அவசரத்தில் போடும் ஒரு டிக் குறியின் வால் எனக்கு ஒன்பது பத்து மில்லிமீட்டர் வந்தது. முதல் வட்டத்தில் ஆரம்பித்து இரண்டாவது வட்டத்தைத் தொட்டு முடிகிறது. பார்ப்பவருக்கு எந்த வட்டத்துக்கான டிக் என்று தெரியாது. எழுத்தை இருபது பாயிண்டுக்குப் பெரிதாக்கினாலும் இது தீராது. "சாப்பாட்டுக்கு முன்" கவரின் இடது ஓரத்திலும் "சாப்பிட்ட பிறகு" வலது ஓரத்திலும், ஒவ்வொன்றும் இரண்டு வரியாக உடைந்து, போக வேண்டும், நடுவில் குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் வெறுமை. முகவரியை எடுத்ததால் அந்த இடம் உனக்கு இருக்கிறது.

அரை மாத்திரையையும் எழுதிப் பார். கட்டம் எட்டு மில்லிமீட்டர். "1/2" என்று எழுதினால் சாய்கோடு கட்டத்தின் கோட்டோடு கலந்துவிடுகிறது, "ஒன்றோ இரண்டோ" என்றும் படிக்கலாம். நான் பார்த்த மருந்தாளர் அரை என்று எழுத்தில் எழுதினார். அதற்குக் கட்டம் பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும். மூன்று கட்டத்துக்கு மூன்றரை நான்கு சென்டிமீட்டர். எட்டு சென்டிமீட்டர் கவரில் தாராளமாக நிற்கும். இதைச் செய்ததும் நெரிசல் என்ற நான்கு பேருக்கும் இன்னொரு முறை பதில் கிடைத்துவிடுகிறது.

நம் சார் சொன்ன ஒன்று மீதி இருக்கிறது. "கவரை அகலவாக்கில் திருப்பிப் பார்" என்றார். நீ நேற்று அதற்குத்தான் மிகவும் கலங்கினாய், ஏனென்றால் மேம் முன்பே நீளவாக்கை நல்லது என்றிருந்தார். இரண்டு ஆசிரியர்கள் எதிரெதிராகச் சொன்னால் நமக்கு மார்க் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். அவரிடமே போய்க் கேள், ஆனால் "ஏன் சார் அகலவாக்கு?" என்று கேட்காதே. அது கேட்பவர் காதில் மறுப்பாக விழும், அவரும் தன் வைத்தியத்துக்கு வாதாட ஆரம்பிப்பார். நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த ஒரு விமர்சன முறை இருக்கிறது. அதில் கருத்துச் சொல்பவர் முதலில் தன் மனதில் பட்டதைச் சொல்வார், பிறகு படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார், அதற்கும் பிறகு மற்றவர்கள் சாய்வில்லாத கேள்விகள் கேட்பார்கள், கடைசியில்தான், அதுவும் படைத்தவரின் சம்மதத்தோடு, அபிப்பிராயம். சாய்வில்லாத கேள்வி என்பதை மட்டும் நாம் கடன் வாங்கிக்கொள்வோம். "சார், கவரைக் கையில் எப்படிப் பிடிப்பதாக நினைத்துப் பார்த்தீர்கள்?" என்று கேள். அவர் எழுதும் கையை நினைத்துச் சொன்னாரா, மாத்திரை கொட்டாமல் மடிப்பதை நினைத்துச் சொன்னாரா என்று அப்போது தெரியும். எழுதும் கையை நினைத்திருந்தால் உள்ளங்கையில் இரண்டு விதத்திலும் பத்துப் பத்து கவர் நிரப்பிப் பார்த்தாலே விடை வந்துவிடும். வெறும் கண் பார்வைக்காகச் சொல்லியிருந்தால், நீளவாக்கிலேயே விட்டுவிட்டு ஏன் என்று ஒரு வரியில் சொல்லலாம். அவர் கோபப்படுபவர் இல்லை. அவர் சொன்னதை நாம் யோசிக்காமல் அப்படியே செய்துகொண்டு போனால்தான் அவருக்கு வருத்தம்.

வெள்ளிக்கிழமை ஐந்து மாற்றம் போதும்: பெயரும் முகவரியும், முன்/பின் வார்த்தையும் இடமும், கட்டத்தின் அகலம், சூரியன், இரவுக் கட்டத்தின் கோடு. ஐந்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு ஒரே பிரிண்ட் எடுக்காதே. எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். முதலில் இடத்தை மட்டும் மாற்றி ஒன்று, அப்புறம் வார்த்தையோடு ஒன்று, அப்புறம் கட்டம், சூரியன், கோடு மூன்றும் சேர்த்து ஒன்று. மூன்று வடிவத்திலும் பத்து பத்து பிரதி, உண்மை அளவில், மெல்லிய காகிதத்தில், மடித்து ஒட்டி, உள்ளே மாத்திரைக்குப் பதிலாகப் பட்டாணி போட்டு.

வைக்கும்போது பேச்சை இங்கிருந்து ஆரம்பி: போன முறை வந்ததில் எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை, ஏன். மாற்றாதவற்றை ஒளிக்காதே. கலர் கேட்டவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டாய், பிரீஃபால் முடியவில்லை, அதற்குப் பதிலாகத் தடித்த கோடு போட்டிருக்கிறாய் என்று அவர் காதுபடச் சொல். அப்புறம் "எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்காதே, மறுபடி பதினேழு திசையில் கருத்து வரும். கவரை ஆளுக்கொன்று கையில் கொடுத்து, "இந்த மாத்திரையை நாளைக்கு எப்போது போடுவீர்கள் என்று பக்கத்துக் காகிதத்தில் எழுதுங்கள், யாரிடமும் பேசாமல்" என்று கேள். எல்லோரும் எழுதி முடித்த பிறகு பேச்சைத் திற. யாராவது ஒருவர் தவறாக எழுதியிருந்தால் அங்கிருந்து தொடங்கு.

அந்த மெல்லிய காகிதம் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கவில்லை. நான் அச்சகத்தில் கேட்டு ஒரு கட்டு வெட்டுக் காகிதம் வாங்கி ஸ்டுடியோவில் என் லாக்கரில் வைத்திருக்கிறேன், சாவி உனக்குத் தெரிந்த இடத்திலேயே இருக்கிறது. வியாழன் மதியம் எனக்கு வகுப்பு இல்லை. மடிக்கவும் ஒட்டவும் நான் வருகிறேன், பால்பாயிண்ட் பேனா இரண்டு கொண்டுவா.